பதினெட்டாவது புத்தகத்தின் பின்பக்கம்

ஆறு வருஷம் மாங்கு மாங்கென்று எழுதிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆய்வில் குறையா? இல்லை. ஆய்வு அருமை என்று இரண்டு பேர் எழுதியே கொடுத்திருந்தார்கள். கடைசியில் இருந்த நூற்பட்டியல்தான் குற்றவாளி. ஒரு நூலுக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. ஓரிடத்தில் ஆண்டு முன்னால் வருகிறது, ஓரிடத்தில் வாலில் தொங்குகிறது. அறுபத்துமூன்று நூல்களுக்கு ஆண்டும் கிடையாது, பதிப்பகமும் கிடையாது. "துறை தேர்ந்தெடுத்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு நூற்பட்டியல் முறையில் முழுவதும் திருத்தி, பதினைந்து நாளுக்குள் மறுபடி சமர்ப்பிக்கவும்" என்று ஒரு தாளைக் கிளிப் போட்டுத் திருப்பிவிட்டார்கள். கேட்டால் யாருக்கும் பற்றிக்கொண்டு வருமா வராதா?

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை, காலண்டரைத்தான் பார்த்தாள். நர்சிங் கல்லூரியில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற நாற்பத்தேழு வயது மனுஷி அவள். நூறு வருஷத்தில் மருத்துவமனை வார்டுகள் எப்படி மாறின என்பதுதான் ஆய்வு. கட்டில், போர்வை, சலவை, சமையல், பதிவேடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஏற்கெனவே மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். ஆறு வருஷமும் அதோடு போச்சு.

அந்த அறுபத்துமூன்று நூல்களின் கதை தனி. முதல் இரண்டு வருஷம் அவள் வேறு ஊரில் இருந்தாள். அங்கே ஒரு பெரிய பழைய நூலகம். வேலை முடிந்ததும் போய் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுப்பாள். ஆசிரியர் பெயர், நூல் பெயர், பக்க எண், அவ்வளவுதான் குறிப்பேட்டில் இருந்தது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பிறகு வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து இந்த ஊருக்கு வந்தாயிற்று. 'அப்புறம்' என்பது இப்போது ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தது, அவள் கையிலோ ஒரு நாள் லீவும் மிச்சமில்லை.

"அக்காகிட்ட கேக்கலாமே" என்றார் வீட்டுக்காரர்.

டீச்சர் குக்கரைக் கழுவினாள்.

அக்கா என்றால் அவருடைய அக்கா, டீச்சருடைய நாத்தனார். அந்த ஊரில், அந்த நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருக்கிறவள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தனியாகவே இருந்து கடையை நடத்துகிற ஆள். கத்தரிக்கோலுக்கும் அவள் வாய்க்கும் எது கூர்மை என்று பந்தயம் கட்டலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விசேஷத்தில், பத்துப் பேருக்கு நடுவில், "தலை நரைச்ச அப்புறம் படிச்சு இவ என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்று கேட்டுவிட்டாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நல்லது கெட்டது எல்லாம் வீட்டுக்காரர் வழியாகத்தான் போய் வந்தது.

"அவங்ககிட்ட போய் நிக்கிறதுக்கு என் பட்டமே வேண்டாம்" என்றாள் டீச்சர்.

"நீ நிக்க வேண்டாம், நான் நிக்கிறேன்" என்று அவர் போனை எடுத்தார்.

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. "செவ்வாயும் புதனும் கடையைச் சாத்திட்டுப் போறாளாம். ஆனா ஃபோட்டோ எடுத்து அனுப்புறதெல்லாம் தனக்கு வராதாம். வீடியோ கால் போட்டு புத்தகத்தைக் காட்டுறேன், அவளுக்கு வேண்டியதை அவ பார்த்துக்கட்டும்ங்கிறா."

கடையைச் சாத்துகிறாளா? டீச்சருக்கு நம்ப முடியவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தவள் அவள்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் கல்லூரியின் செய்முறை அறையில், பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் பொம்மை நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சர் போனை நிமிர்த்தி வைத்தாள். திரையில் முகம் வரவில்லை. ஒரு மேசையும், அடுக்கிய புத்தகங்களும், ஒரு பெரிய கட்டைவிரலும்தான் வந்தன.

"தெரியுதா?" என்றது குரல்.

"தெரியுது அண்ணி."

நாலு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதற்கப்புறம் வேலைதான். நாத்தனார் அட்டையைத் திருப்பித் தலைப்புப் பக்கத்தைக் காட்டுவாள். டீச்சர் திரையை அப்படியே படம் பிடிப்பாள். "ம்" என்பாள். நாத்தனார் அந்தத் தாளைத் திருப்பி, பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும் பின்பக்கத்தைக் காட்டுவாள். மறுபடி ஒரு படம், மறுபடி ஒரு "ம்". பிறகு "அடுத்தது". தையல்காரி கணக்காகச் செய்தாள், ஒரு புத்தகத்தையும் வெறுமனே புரட்டியதாகத் தெரியவில்லை. நடுவில் இரண்டொரு முறை இணைப்பு அறுந்து படம் உறைந்துபோனது. மீண்டும் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். புதன்கிழமை அறுபத்துமூன்றாவது புத்தகத்தை மூடியதும், "முடிஞ்சுதா? கடையில ஜாக்கெட் குவிஞ்சு கிடக்கு" என்று கட் பண்ணிவிட்டாள். நன்றி சொல்லத் திறந்த டீச்சரின் வாய் திறந்தபடியே இருந்தது.

இனிமேல்தான் டீச்சர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினாள். நூற்றுச் சொச்சம் படங்கள் போனில் கலந்து கிடக்கின்றனவே என்று, தலைப்புப் பக்கங்களை எல்லாம் ஒரு ஃபோல்டரிலும், பதிப்பு விவரப் பக்கங்களை எல்லாம் இன்னொரு ஃபோல்டரிலும் பிரித்துப் போட்டாள். கை ஆடி மங்கலாக வந்தவற்றை அழித்தாள். எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் அறுபத்துமூன்று, அந்தப் பக்கம் அறுபத்துமூன்று. அப்பாடா என்றிருந்தது. முதல் ஃபோல்டரைத் திறந்து ஆசிரியர், நூல் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினாள். அடுத்த நாள் இரண்டாவது ஃபோல்டரைத் திறந்து, பக்கத்துக் கட்டத்தில் ஆண்டையும் பதிப்பையும் பதிப்பகத்தையும் வரிசையாக நிரப்பினாள். கண் அந்தச் சின்ன © குறியை மட்டும் தேடித் தேடிப் போனதே தவிர, பக்கத்தில் வேறெதையும் பார்க்கவில்லை.

பட்டியல் கமாவின் கைக்குப் போனது. கமா என்பது பட்டப்பெயர்தான். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஆய்வேடு தட்டச்சு செய்து, அச்செடுத்து, கட்டிக் கொடுக்கிற கடைக்காரர். முப்பது வயசிருக்கும். ஒரு கமா இடம் மாறினால் ராத்தூக்கம் போய்விடும் என்று மாணவர்கள் வைத்த பெயர் அது. அவருக்கும் அதில் பெருமைதான், கடைப் பலகையிலேயே ஒரு பெரிய கமா வரைந்து வைத்திருந்தார்.

"மேடம், அட்டையில இருக்கிற பேரை எழுதலையே? உள்ளே தலைப்புப் பக்கத்துல இருக்கிற பேருதான் செல்லும்."

"உள்ளேதான் பார்த்தேன்."

"நல்லது. ஊர்ப்பேரு எல்லாத்தையும் தூக்கிட்டேன், இந்த முறையில வேண்டாம். ஆசிரியர், புள்ளி, அடைப்புக்குள்ள ஆண்டு, புள்ளி, சாய்வெழுத்துல நூல் பேரு, இரண்டாம் பதிப்பு மூணாம் பதிப்புன்னு இருந்தா மட்டும் அதை அடைப்புக்குள்ள நேர் எழுத்துல, புள்ளி, பதிப்பகம், புள்ளி. முதல் பதிப்புக்கு ஒண்ணும் போட வேண்டாம். இந்த நர்சுகள் சங்கம் இருக்கு பாருங்க, எழுதினதும் அவங்க, பதிப்பிச்சதும் அவங்க. அதனால கடைசியில மறுபடி பேரைச் சொல்லக் கூடாது."

டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கமா நாலு நாளில் முழுப் பட்டியலையும் அகரவரிசைப்படுத்தி, ஆய்வேட்டுக்குள் மேற்கோள் வருகிற இடமெல்லாம் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டைச் சேர்த்து, முத்து முத்தாக முடித்துவிட்டார். ஒரு புள்ளி பிசகவில்லை. பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

கெடு நாளான வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, கல்லூரியில் அனுமதி கேட்டுக்கொண்டு டீச்சர் கடைக்கு வந்தாள். அச்செடுக்கும் முன் கமா கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார்.

"மேடம், நூத்தி நாப்பதாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? கம்ப்யூட்டர்ல கட்டில் கணக்கு பார்க்குறதால எத்தனை நர்சுகளோட நேரம் மிச்சமாகுதுன்னு இந்தப் புத்தகம் சொல்லுதுன்னு இருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"புத்தகத்தோட வருஷம் 1959ன்னு இருக்கே! அந்தக் காலத்துலயே வார்டுக்கு வார்டு கம்ப்யூட்டர் வெச்சிருந்தாங்களா?"

டீச்சரும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் புத்தகம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வழவழ தாள், வண்ணப் படங்கள், கம்ப்யூட்டர் திரைகள். எந்தக் காலத்திலும் அது 1959 ஆக இருக்க முடியாது.

போனைத் திறந்தாள். தலைப்புப் பக்க ஃபோல்டரில் இருபத்தாறாவது படம், கம்ப்யூட்டர் புத்தகம். பக்கத்தின் அடியில் பதிப்பகத்தின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. இன்னொரு ஃபோல்டரின் இருபத்தாறாவது படத்தில் வேறு பதிப்பகம். அதில் ஒரு வரி பொடி எழுத்தில், 'காய்ச்சல் வார்டு நடைமுறைகள்' என்று ஓடியது. அது இருபத்தேழாவது புத்தகம்.

"ஐயோ" என்றாள் டீச்சர்.

கமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை சரி. பதினெட்டுக்கு எதிரே பத்தொன்பதின் விவரம். பத்தொன்பதுக்கு எதிரே இருபது. அப்படியே ஒருவர் சட்டையை அடுத்தவர் போட்டுக்கொண்ட மாதிரி நாற்பது வரை போயிற்று. நாற்பத்தொன்றில் வண்டி மறுபடி தண்டவாளத்தில் ஏறிவிட்டது.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சே! நான் எண்ணினேனே!" என்று டீச்சர் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. நாற்பத்தொன்றாவது புத்தகத்துக்குப் பதிப்பு விவரம் முன்னால் ஒரு தடவை, கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் இருந்தது. நாத்தனார் கடமை தவறாமல் இரண்டையும் காட்டியிருக்கிறாள். பதினெட்டாவது புத்தகத்துக்கோ பின்பக்கப் படமே இல்லை. அங்கேதான் இணைப்பு அறுந்திருக்க வேண்டும். அங்கே ஒன்று குறைந்து இங்கே ஒன்று கூடி, கணக்கு மட்டும் கச்சிதமாக நின்றுவிட்டது. நடுவில் இருபத்துமூன்று பதிவுகள், கமா புள்ளியெல்லாம் துல்லியமாக, அத்தனையும் பொய்.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரத்த மாதிரிக் குப்பியையும் அதன் லேபிளையும் ஒரு நிமிஷம்கூடப் பிரித்து வைக்கக் கூடாது, நோயாளி பக்கத்தில் நிற்கும்போதே ஒட்ட வேண்டும் என்று முதல் வருஷப் பிள்ளைகளை வருஷா வருஷம் வறுத்து எடுக்கிறவள் அவள். அப்பேர்ப்பட்டவள் அறுபத்துமூன்று குப்பியை ஒரு தட்டிலும் அறுபத்துமூன்று லேபிளை இன்னொரு தட்டிலும் வைத்திருக்கிறாள். யாரிடம் சொல்ல!

"அழுறதுக்கு நேரமில்ல மேடம்" என்றார் கமா. "இருபத்திரண்டை இப்பவே சரி பண்ணிடலாம், படம் கையில இருக்கு. ஆனா பட்டியலோட போகாது. உள்ளே மேற்கோள்ல எல்லாம் தப்பான வருஷம் ஏறியிருக்கு, எழுபத்தோரு இடம். நீங்க படத்தைப் பார்த்துச் சொல்லுங்க, நான் மாத்துறேன்."

ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பகமும் பின்பக்கத்தில் இருக்கும் பதிப்பகமும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். கமா தட்டினார். கடைக்கு வந்த மாணவர்களை எல்லாம், "அப்புறம் வாங்கப்பா, இங்க ஆபரேஷன் நடக்குது" என்று திருப்பி அனுப்பினார். பன்னிரண்டே காலுக்குப் பட்டியலில் ஒரே ஒரு ஓட்டைதான் மிச்சமிருந்தது.

பதினெட்டாவது புத்தகம். மருத்துவமனைத் தையலறையைப் பற்றியது. நோயாளிகளின் அங்கி, அறுவை அறைத் துணி, கட்டுத்துணி எல்லாம் மருத்துவமனைக்குள்ளேயே தைத்த காலத்தைப் பற்றி அங்கே வேலை பார்த்த ஒரு மேற்பார்வையாளர் எழுதியது. டீச்சருடைய நாலாவது அத்தியாயம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருந்தது. கமா இணையத்தில் தேடினார். ஒரு தளம் 1961 என்றது, இன்னொன்று 1974 என்றது. பதிப்பகம் எங்கேயும் இல்லை.

கமா குரலைத் தாழ்த்தினார். "மேடம், 'ஆண்டு இல்லை'ன்னு போட ஒரு வழி இருக்கு. இந்த முறையிலேயே அனுமதி உண்டு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

டீச்சர் திரையில் அந்தக் காலி வரியைப் பார்த்தாள். நாலு மணி. ஆறு வருஷம். ஒரே ஒரு வரி.

"புத்தகத்துல வருஷம் இல்லைன்னாதானே அப்படிப் போடணும்? நான் பார்க்கலைங்கிறதுக்கு அதைப் போடலாமா?"

"போடக் கூடாதுதான்" என்று கமா ஒத்துக்கொண்டார். அவருக்கும் மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வேறு வழியில்லை. டீச்சர் முதல்முறையாகத் தானே நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. மிஷின் நின்றது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. லைப்ரரி லீவு" என்றாள் நாத்தனார்.

டீச்சர் கமாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சரி அண்ணி. நீங்க இவ்வளவு பண்ணினதே பெரிசு. என் நேரம் அப்படி" என்றாள்.

"எந்தப் புத்தகம்னு சொன்னே?"

"ஆஸ்பத்திரித் தையலறை பத்தினது. பச்சை அட்டை."

எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"இரு, வீடியோவுல வா" என்றது குரல், கொஞ்சம் தயங்கி.

திரையில் முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு வெட்டிப் போட்ட துணிக் குவியல். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை பச்சை அட்டைப் புத்தகத்தை உருவியது. பக்கங்களுக்கு நடுவே அளவு நாடா ஒன்று அடையாளத்துக்கு வைத்திருந்தது.

"அண்ணி! இது எப்படி உங்ககிட்ட?"

"எப்படின்னா? நடந்து வந்துச்சா? நான்தான் எடுத்துட்டு வந்தேன்." குரலில் வெடுக்கு இருந்தது, ஆனால் வழக்கமான வெடுக்கு இல்லை. "அன்னிக்கு லைன் கட்டாச்சுல்ல, நீ மறுபடி கூப்பிடுற வரைக்கும் சும்மா புரட்டினேன். உள்ளே அங்கி வெட்டுற படம் எல்லாம் அளவோட போட்டிருக்கான். படுத்திருக்கிற ஆளைப் புரட்டாம எப்படி மாட்டி விடுறதுன்னு. அதைப் பார்த்துட்டு இருந்தேன், நீ கூப்பிட்டே, நான் பின்பக்கத்தைக் காட்டாம அடுத்தது எடுத்துட்டேன். தப்பு என் பேர்ல. போதுமா?"

"அதனால..."

"அதனால போன வியாழக்கிழமை போய் மெம்பர் கார்டு போட்டு எடுத்துட்டு வந்தேன். இப்ப பக்கம் வேணுமா, கதை வேணுமா?"

கமா டீச்சரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயெல்லாம் பல். நாத்தனார் தலைப்புப் பக்கத்தைக் காட்டினாள். டீச்சர் படம் பிடித்தாள். தாள் திரும்பியது. பொடி எழுத்து, மங்கிய மை, நடுவில் ஒரு கட்டைவிரல்.

"அண்ணி, விரலை எடுங்க. வருஷம் அதுக்கு அடியிலதான் இருக்கு."

விரல் நகர்ந்தது. முதல் பதிப்பு 1961. இரண்டாம் பதிப்பு 1968. மறு அச்சு 1974, 1981. கீழே ஒரு மருத்துவமனை அறக்கட்டளை அச்சகத்தின் பெயர்.

"அறுபத்தெட்டு!" என்று கமா கத்தினார். "மறு அச்சு வருஷம் நமக்கு வேண்டாம். உங்க கையில இருக்கிறது இரண்டாம் பதிப்பு, அதோட வருஷம்தான். அடைப்புக்குள்ள இரண்டாம் பதிப்புன்னு போடணும். நெட்டுல இருந்த இரண்டு வருஷமும் தப்பு மேடம், இரண்டுமே தப்பு!"

"அது யாரு, இப்படிக் கத்துறது?" என்றாள் நாத்தனார்.

"கமா" என்றாள் டீச்சர்.

"என்னது?"

"அப்புறம் சொல்றேன் அண்ணி!"

கமா பதினெட்டாவது புத்தகத்தின் வரியை நிரப்பினார். ஆசிரியர் பெயரின் முதல் எழுத்தால் அது அகரவரிசையில் முப்பத்தொன்பதாவதாக உட்கார்ந்திருந்தது. அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தபோது மணி ஒன்றரை. நடுவில் ஒரு தடவை தாள் சிக்கிக்கொண்டது. கமா அதற்கு என்னென்னவோ பெயர் வைத்துத் திட்டிப் பிடுங்கினார். இரண்டு பிரதியும் சுருள் கம்பியில் கோத்து முடியும்போது மூணே கால். டீச்சர் கட்டணத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, "மேடம், ஓடுங்க முதல்ல" என்றார்.

"கமா, நீங்க அந்த ஒரு கேள்வி கேக்கலைன்னா..."

"ஓடுங்கங்கிறேன்!"

ஆய்வேட்டுப் பிரிவில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பக்கத்திலிருந்த பழைய பிரதியைத் திறந்து எதையோ ஒப்பிட்டாள். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. அம்மாள் ஆய்வேட்டுக்குள் பத்திருபது இடங்களைப் புரட்டி, உள்ளே இருக்கிற ஆண்டும் பட்டியலில் இருக்கிற ஆண்டும் ஒன்றா என்று பார்த்தாள். ஒன்றாகத்தான் இருந்தன.

"இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினாள். "யாரு போட்டுக் குடுத்தது? நல்லா பண்ணியிருக்காங்க."

"எங்க வீட்டு ஆளுங்க" என்றாள் டீச்சர். கமாவையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விரல் தானாக வேறு எண்ணுக்குப் போயிற்று.

"குடுத்துட்டேன் அண்ணி. வாங்கிட்டாங்க."

"ம். நல்லது." மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க இல்லைன்னா இன்னிக்கு என் ஆறு வருஷமும் போயிருக்கும். கடையைச் சாத்திட்டு இரண்டு நாள் நின்னீங்க. நான் உங்ககிட்ட நாலு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நன்றி அண்ணி. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் முட்டியது. போகிற வருகிற மாணவர்கள் பார்த்தார்கள், அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

மிஷின் நின்றது.

"அன்னிக்கு உன்னை எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டேனே, அது பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல. எட்டாவதோட என்னை நிறுத்திட்டு உன் புருஷனைப் படிக்க வெச்சாங்க. அவன் மேல எனக்கு வருத்தம் கிடையாது. ஆனா நரைச்ச தலையோட நீ பை நிறைய நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்படியும் ஒருத்தி போகலாமா, அப்ப நான் ஏன் போகலைன்னு."

"அண்ணி" என்றாள் டீச்சர்.

"இரண்டு நாள் அந்த லைப்ரரியில நின்னேன் பாரு, ஒருத்தரும் என்னை நீ யாருன்னு கேக்கல. புத்தகத்தை எடுத்தா எடுன்னு விட்டுட்டாங்க. இவ்வளவு நாள் இரண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு உள்ளேயே போகாம இருந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, அது கிடக்கட்டும். அந்தப் பச்சைப் புத்தகத்தை எழுதினாளே, அவளும் தையல்காரிதானாமே?"

"ஆமா அண்ணி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில தைச்சவங்க."

"உன் பட்டியல்ல அவளை எப்படிப் போட்டிருக்கே? படி, கேப்போம்."

டீச்சர் மடியில் இருந்த தன் பிரதியைத் திறந்தாள். முப்பத்தொன்பதாவது வரியில் விரலை வைத்தாள். கமா சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஆசிரியரின் பெயர், புள்ளி, அடைப்புக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, புள்ளி, நூலின் பெயர், அடைப்புக்குள் இரண்டாம் பதிப்பு, புள்ளி, அச்சகத்தின் பெயர், புள்ளி என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

எதிர்முனையில் புத்தகம் திறக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் தன் கையில் இருந்த பக்கத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை படி. மெதுவா படி. நான் எழுதிக்கிறேன்" என்றாள்.